பன்னிரண்டு லட்சம் எங்கே போனது?

ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஹைதராபாத் கொண்டாப்பூரில் ஒரு விடுதியின் மூன்றாவது மாடி. மூன்று கட்டில் போட்ட அறையில் என் அக்கா மகன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தான். கோவில்பட்டிக்காரன். சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, டிசம்பர் 1-ஆம் தேதி மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்திருந்தான். வருடத்துக்கு 12 லட்சம் சம்பளம் என்று ஊரே கொண்டாடியது. அக்கா செண்பகவல்லி அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு எனக்குப் போன் செய்திருந்தாள்.

“மாமா, 12 லட்சம்னா மாசம் ஒரு லட்சம்தானே? எனக்கு 77,500-தான் வந்திருக்கு. வரி எவ்வளவு பிடிச்சிருக்கான் பாருங்க” என்றான்.

சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். வருமான வரி என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. அவனிடம் ஒரு ரூபாய்கூட வரி பிடிக்கவில்லை.

இந்த ஊரில் பல வருடம் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருந்தவன் நான். சைபர் டவர்ஸ் கட்டடத்தை 1998 நவம்பரில் வாஜ்பாய் திறந்து வைத்த பிறகு, பாறையும் புதருமாகக் கிடந்த மாதாப்பூருக்கும் கச்சிபவுலிக்கும் தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறி வந்த பிள்ளைகள் ஏராளம். அவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து இவனைப் போலத்தான் திகைத்தார்கள். போன பணத்துக்கு வரியைத்தான் குற்றம் சொன்னார்கள். உண்மையில் அந்தப் பணத்தின் பெரும்பகுதி சம்பளச் சீட்டுக்குள் வரவே இல்லை.

சீட்டுக்கு வெளியே நின்ற பணம்

வேலைக்கு எடுக்கும்போது கம்பெனி சொல்லும் தொகைக்கு சி.டி.சி. என்று பெயர். ஓர் ஊழியருக்காக ஒரு வருடத்தில் நிறுவனம் ஒதுக்கும் மொத்தச் செலவு அது. அதைச் சம்பளம் என்று எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பையனின் நியமனக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த பட்டியலைத் திறக்கச் சொன்னேன். அவன் அதுவரை அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவில்லை.

மாதக் கணக்கில் ஒரு லட்சம். அதில் 10,000 ரூபாய் ‘வேரியபிள் பே’. வருடக் கடைசியில் அவனுடைய வேலையையும் கம்பெனியின் லாபத்தையும் பார்த்துக் கொடுப்பது அது. முழுதும் கிடைக்கலாம், பாதி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கொடுக்கும் நாளுக்கு முன்பே வேலையை விட்டுப் போகிறவர்களுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் அதைத் தருவதில்லை. அடுத்து 1,924 ரூபாய் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் என்பது சட்டம். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாயை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு ஏறத்தாழ 23,000 ரூபாய் வரும். அதைத்தான் பன்னிரண்டாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஆனால் நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் முடிக்காமல் விலகினால் இந்தப் பணம் கிடையாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறும் இந்த ஊர் வழக்கத்தில், பலருடைய நியமனக் கடிதத்திலும் இருக்கும் இந்தத் தொகை பணமாக மாறுவதே இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு எடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு என்று 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அது தனிக் கணக்கு.

பிறகு 776 ரூபாய் குழு மருத்துவக் காப்பீட்டுக்கான பிரீமியம். கடைசியாக 4,800 ரூபாய், வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் கட்டும் பங்கு. நான்கையும் கூட்டினால் 17,500 ரூபாய். ஒரு லட்சத்தில் அதைக் கழித்தால் மிஞ்சுவது 82,500. அதுதான் அவனுடைய கிராஸ் சம்பளம். சம்பளச் சீட்டின் இடது பக்கத்தில் இருப்பது அந்தத் தொகைதான். அடிப்படைச் சம்பளம் 40,000, வீட்டு வாடகைப் படி 16,000, சிறப்புப் படி 26,500.

சீட்டின் வலது பக்கம் பிடித்தங்கள். அங்கே இரண்டே பதிவுகள்தான். வைப்பு நிதிக்கு அவனுடைய பங்கு 4,800. தொழில் வரி 200. இரண்டும் சேர்த்து 5,000 போக, கைக்கு வந்தது 77,500.

“அப்ப எனக்கும் கம்பெனிக்கும் நடுவுல யாரும் எதுவும் திருடலியா?” என்றான். இல்லை என்றேன். ஆனால் அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ‘மாதம் 82,500 கிராஸ், அதற்கு மேல் வருடக் கடைசியில் 1,20,000 வரை வரலாம்’ என்று கடிதத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு கம்பெனி சொல்லலாம். சொல்வதில்லை. போட்டிக்கு நிற்கும் கம்பெனி 12 லட்சம் என்று எழுதும்போது 9,90,000 என்று எழுத யாருக்கும் மனம் வருவதில்லை. வேலை தேடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இரண்டு கம்பெனிகள் அழைத்தால் சி.டி.சி.யை ஒப்பிடாதீர்கள். இரண்டு இடத்திலும் மாத கிராஸ் எவ்வளவு என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, அதை ஒப்பிடுங்கள்.

அந்த 200 ரூபாய் தொழில் வரியைப் பற்றியும் கேட்டான், சென்னையில் மாதாமாதம் இதைப் பார்த்ததில்லையே என்று. தமிழ்நாட்டில் அந்த வரியை உள்ளாட்சி அமைப்பு அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகிறது. தெலங்கானாவில் மாநில அரசே மாதாமாதம் வாங்குகிறது. மாதச் சம்பளம் 15,000 வரை இருந்தால் வரி இல்லை. 20,000 வரை 150 ரூபாய், அதற்கு மேல் எல்லோருக்கும் 200. ஒருவரிடம் வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் இந்த வரியை வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு கட்டுப்படுத்தியிருக்கிறது.

அதிகம் வந்தால் அதிகச் சம்பளமா?

பக்கத்துக் கட்டிலில் இருந்த பையன் குறுக்கிட்டான். அவனுக்கும் வேறொரு கம்பெனியில் அதே 12 லட்சம்தான். ஆனால் மாதம் 83,500 வருகிறதாம். “எங்க கம்பெனி நல்ல கம்பெனி அங்கிள்” என்றான்.

அவனுடைய சீட்டையும் வாங்கிப் பார்த்தேன். வேரியபிள், பணிக்கொடை, காப்பீடு, அடிப்படைச் சம்பளம் எல்லாம் ஒன்றுதான். வைப்பு நிதி மட்டும் 4,800-க்குப் பதிலாக 1,800. சட்டப்படி வைப்பு நிதிக்குக் கட்டாயமான சம்பள வரம்பு 15,000 ரூபாய். 2014 செப்டம்பரில் 6,500-லிருந்து உயர்த்தப்பட்ட வரம்பு அது. பதினைந்தாயிரத்தில் 12 சதவீதம் 1,800. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் அந்த 1,800-ஓடு நிறுத்திக்கொள்ள நிறுவனத்துக்கு வழி உண்டு. நிறுவனத்தின் பங்கும் 1,800 ஆகிவிடுவதால், மிச்சமான 3,000 சிறப்புப் படியில் சேர்ந்து கிராஸ் 85,500 ஆனது. ஊழியரின் பிடித்தத்திலும் 3,000 குறைந்தது. ஆக 6,000 ரூபாய் கூடுதலாகக் கைக்கு வந்தது.

இரண்டு பேருக்கும் நிறுவனம் செலவழிப்பது ஒரே தொகை. ஒருவனுக்கு அந்த 6,000 வங்கிக் கணக்குக்குப் போகிறது, மற்றவனுக்கு வைப்பு நிதிக்குப் போகிறது. 2024-25-க்கு வைப்பு நிதிக்குக் கிடைத்த வட்டி 8.25 சதவீதம். அதே வட்டி நீடித்தால், என் மருமகன் கணக்கில் சம்பள உயர்வே இல்லாமல் ஐந்து வருடத்தில் ஆறு லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் சேர்ந்திருக்கும். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பையனுக்கு, கல்விக்கடன் கட்டுகிறவனுக்கு, 1,800 போதும் என்ற முடிவு சரியாகவே இருக்கலாம். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது அவன் எடுத்த முடிவாக இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் வேலையில் சேரும் நாளன்று நீட்டப்படும் இருபது படிவங்களுக்கு நடுவே ஒரு கட்டத்தில் டிக் போடச் சொல்வார்கள். எதற்கு டிக் போட்டோம் என்று பலருக்கும் தெரியாது.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்ததும் கைக்கு வரும் சம்பளம் குறைந்துவிடும் என்ற பேச்சு எழுந்ததும் இதனால்தான். மொத்த ஊதியத்தில் படிகள் பாதிக்கு மேல் போனால், அந்த உபரியையும் ஊதியமாகவே கணக்கிட வேண்டும் என்கிறது புதிய வரையறை. முழு ஊதியத்துக்கும் வைப்பு நிதி பிடிக்கும் நிறுவனத்தில் இதனால் பிடித்தம் கூடலாம். 15,000 வரம்போடு நிற்கும் இடத்தில் கைக்கு வருவது மாறாது என்று மத்திய தொழிலாளர் அமைச்சகமே விளக்கம் சொன்னது. உங்கள் கம்பெனி எந்த வகை என்பது சீட்டில் உள்ள வைப்பு நிதித் தொகையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 1,800 என்று இருக்கிறதா, அதற்கு மேல் இருக்கிறதா?

பாஸ்புக்கில் தேடிய 1,250

சம்பளச் சீட்டு என்பது கம்பெனி சொல்லும் வாக்குமூலம் மட்டுமே. ‘உன்னிடம் 4,800 பிடித்தேன்’ என்று அது சொல்கிறது. அந்தப் பணம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததா என்பதைச் சீட்டு சொல்லாது. அதைப் பாஸ்புக்கில்தான் பார்க்க வேண்டும்.

ஒரு மாதத்தின் வைப்பு நிதியை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்ட வேண்டும். நாங்கள் பார்த்தது 25-ஆம் தேதி. ஆகவே டிசம்பர் மாதப் பணம் வந்திருக்க வேண்டும். பன்னிரண்டு இலக்க யு.ஏ.என். எண்ணைப் போட்டு உமங் ஆப்பில் பாஸ்புக்கைத் திறந்தான். டிசம்பர் பதிவு இருந்தது. ஊழியர் பங்கு 4,800. நிறுவனத்தின் பங்கு 3,550.

“பாத்தீங்களா மாமா, 1,250 குறையுது!”

அடுத்த கட்டத்தைப் பார் என்றேன். ஓய்வூதியப் பங்கு என்ற இடத்தில் 1,250 இருந்தது. நிறுவனம் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. அதுவும் 15,000 வரம்புக்குத்தான். 15,000-க்கு 8.33 சதவீதம் 1,250 ரூபாய். எவ்வளவு பெரிய சம்பளம் வாங்கினாலும் பொதுவாக அதற்கு மேல் அங்கே போகாது. அந்த 1,250-க்கு வட்டி சேராது. 58 வயதில் ஓய்வூதியமாக வரும், அதற்குப் பத்து வருடப் பணி வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முதலாக வைப்பு நிதியில் சேருகிறவருக்குச் சேரும்போதே 15,000-க்கு மேல் சம்பளம் இருந்தால், அவர் ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினர் ஆக முடியாது. நிறுவனத்தின் பங்கு முழுதும் வைப்பு நிதிக்கே வர வேண்டும். என் மருமகன் சென்னையில் முதலில் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் 14,000. அதனால் உறுப்பினராகிவிட்டான், இப்போதும் அது தொடர்கிறது. அவனுடைய கணக்கு சரி. ஆனால் முதல் வேலையிலேயே 40,000 அடிப்படைச் சம்பளத்தோடு சேர்ந்த ஒருவருடைய பாஸ்புக்கில் மாதாமாதம் 1,250 ஓய்வூதியப் பங்கு இருந்தால், அது தவறான பதிவு. சம்பளப் பிரிவில் யாரோ கவனிக்காமல் செய்தது. இப்படிப்பட்டவர்கள் பல வருடம் கழித்துப் பணத்தை மாற்றவோ எடுக்கவோ போகும்போது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன். முதல் மாதமே பார்த்துச் சொல்லியிருந்தால் ஒரு மின்னஞ்சலோடு முடிந்திருக்கும்.

அவனுடைய பாஸ்புக்கில் ஒரு குறை இருந்தது. பழைய சென்னை கம்பெனி அவன் விலகிய தேதியைப் பதியவில்லை. அந்தத் தேதி இல்லாவிட்டால் பழைய கணக்கில் இருக்கும் பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றுவதில் சிக்கல் வரும். கடைசிப் பணம் வந்து இரண்டு மாதம் ஆனதும் ஊழியரே இணையத்தில் அந்தத் தேதியைப் பதியலாம். பிப்ரவரியில் செய்துவிடு, மறந்துவிடாதே என்றேன். பழைய பணத்தை எடுத்துச் செலவழிக்கலாமா என்று கேட்டான். ஐந்து வருடத் தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் அதற்கு வரி உண்டு. மாற்றிக்கொண்டால் சென்னையின் நான்கு வருடமும் கணக்கில் சேரும்.

பஸ் பவன் சொல்லும் கதை

பிடித்த பணம் சேராமல் போகுமா என்று கேட்கிறவர்களுக்கு இதே ஊரில் பதில் இருக்கிறது. முஷீராபாத் பக்கம் ஆர்.டி.சி. கிராஸ் ரோட்ஸில் நிற்கும் பஸ் பவனைக் கேட்டால் சொல்லும். தெலங்கானா சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமையகம் அது. 2019 அக்டோபர் 5-ஆம் தேதி ஏறத்தாழ 48,000 ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 52 நாள் நீடித்தது. கழகத்தை அரசுடன் இணைக்க வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கை. அந்த நாட்களில் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வீதியில் நின்று பேசிய இன்னொரு விஷயமும் உண்டு. அது அவர்களுடைய சம்பளச் சீட்டைப் பற்றியது.

அவர்கள் சம்பளத்தில் மாதாமாதம் வைப்பு நிதி பிடிக்கப்பட்டது. ஊழியர்களே நடத்தும் கூட்டுறவுச் சிக்கன, கடன் சங்கத்துக்கும் பிடிக்கப்பட்டது. பிள்ளைகளின் படிப்புக்கும் பெண்ணின் கல்யாணத்துக்கும் கடன் வாங்க அவர்கள் நம்பியிருந்த இடம் அந்தச் சங்கம். சீட்டில் எல்லாப் பிடித்தமும் ஒழுங்காகவே அச்சாகியிருந்தது. ஆனால் பிடித்த பணத்தை நிர்வாகம் தன் செலவுக்கு எடுத்துக்கொண்டது என்று தொழிற்சங்கங்கள் குற்றம் சாட்டின. பணத்தை ஒப்படைக்கச் சொல்லிக் கடன் சங்கம் உயர் நீதிமன்றப் படியேறியது. ஓர் அரசு நிறுவனத்திலேயே ஊழியர்கள் தங்கள் சேமிப்பைக் கேட்டு வழக்குப் போட வேண்டி வந்தது என்றால், பெயர் தெரியாத ஒரு சின்ன கம்பெனியின் சீட்டை அப்படியே நம்பலாமா?

சட்டம் இதில் கடுமையாகத்தான் இருக்கிறது. ஊழியரிடம் பிடித்த வைப்பு நிதியைக் கட்டாமல் வைத்துக்கொள்ளும் முதலாளி, நம்பி ஒப்படைத்த பொருளை மோசம் செய்தவராகக் கருதப்படுவார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 405-ஆவது பிரிவில் இருந்த அந்த விளக்கம் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. ஆனால் புகார் கொடுக்கத் தெரிய வேண்டும், அதற்கு முதலில் பணம் வரவில்லை என்பது தெரிய வேண்டும். பதிவு செய்த கைபேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால், கடைசியாகச் சேர்ந்த தொகை குறுஞ்செய்தியில் வந்துவிடும். ஸ்மார்ட்போன்கூடத் தேவையில்லை.

இதைச் சொல்லும்போது நான் நினைப்பது மென்பொருள்காரர்களை அல்ல. அந்தக் கண்ணாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் நிற்கும் காவலாளிகளையும், இரவு பத்து மணிக்குத் தரை துடைக்கும் பெண்களையும் நினைக்கிறேன். ஒப்பந்ததாரர் மூலம் மாதம் 18,000 சம்பளத்தில் வேலை செய்கிறவருக்கு, கழிந்து போகும் ஒவ்வொரு நூறு ரூபாயும் பெரிது. 15,000-க்கு 12 சதவீதமாக வைப்பு நிதி 1,800. 18,000-க்கு 0.75 சதவீதமாக இ.எஸ்.ஐ. 135. தொழில் வரி 150. கைக்கு 15,915 வர வேண்டும். சில ஒப்பந்ததாரர்கள் அடிப்படைச் சம்பளத்தை 9,000 என்று காட்டி, மிச்சத்தைப் பலவகைப் படிகளாக உடைத்துவிடுவார்கள். அப்போது வைப்பு நிதி 1,080 ஆகக் குறையும், அதே அளவு ஒப்பந்ததாரர் கட்ட வேண்டிய பங்கும் குறையும். எல்லா ஊழியருக்கும் ஒரே மாதிரி கொடுக்கப்படும் படிகளையும் அடிப்படை ஊதியத்தோடு சேர்த்தே வைப்பு நிதியைக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28-ஆம் தேதி விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. ஒப்பந்ததாரர் கட்டாமல் விட்டால், வேலை வாங்கும் பெரிய நிறுவனமே கட்ட வேண்டும் என்பதும் சட்டம்.

அந்த 135 ரூபாயின் மதிப்பு சனத்நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கும் அவர் குடும்பத்துக்கும் சிகிச்சைக்கு உரிமை தருவது அந்தப் பிடித்தம். சீட்டில் பிடித்தம் இருந்தும் இ.எஸ்.ஐ. எண் கொடுக்கப்படாதவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களில் பலருக்குச் சம்பளச் சீட்டே கொடுக்கப்படுவதில்லை. ஊதியச் சட்டத் தொகுப்பின் 50-ஆவது பிரிவு ஒவ்வொரு முதலாளியும் சம்பளச் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. கேட்பது உரிமை.

வரி பிடிக்காத மகிழ்ச்சி

அறையில் மூன்றாவது பையன் ஒருவன் இருந்தான். மூத்தவன். “எனக்கு அதைவிட அதிகச் சம்பளம், ஆனா இந்த வருஷம் வரியே பிடிக்கலை” என்று மகிழ்ச்சியாகச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. அக்டோபரில் கம்பெனி மாறினாயா என்று கேட்டேன். ஆமாம் என்றான்.

கணக்கைப் பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பழைய கம்பெனியில் மாதம் ஒரு லட்சம் கிராஸ். அவர்கள் வருடம் முழுதும் இங்கேயே இருப்பான் என்று 12 லட்சம் போட்டு, நிலையான கழிவு 75,000 போக 11,25,000 என்று கணக்கிட்டார்கள். 2025-26-க்கான புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்குத் தள்ளுபடி உண்டு என்பதால் வரி பூஜ்யம். அக்டோபர் முதல் மார்ச் வரை புதிய கம்பெனியில் மாதம் 1,40,000. ஆறு மாதத்துக்கு 8,40,000. அவர்களும் 75,000 கழித்து 7,65,000 என்று பார்த்தார்கள். அங்கேயும் வரி பூஜ்யம். இரண்டு கம்பெனியும் தங்களுக்குத் தெரிந்தவரை சரியாகவே செய்தன.

ஆனால் அவனுடைய வருட வருமானம் 14,40,000. கழிவு ஒரு முறைதான் உண்டு. மிச்சம் 13,65,000. பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி கிடையாது. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதமாக 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதமாக 40,000. மீதி 1,65,000-க்கு 15 சதவீதமாக 24,750. மொத்தம் 84,750. அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் 88,140 ரூபாய்.

பையன் சற்று நேரம் பேசவில்லை. “ஜூலைல ரிட்டர்ன் போடும்போது இதைச் சொல்லுவாங்களா?” என்றான். சொல்வார்கள், அதோடு மாதத்துக்கு 1 சதவீதம் என்று வட்டியும் சேர்த்துச் சொல்வார்கள்.

இதற்கு மருந்து ஒரே ஒரு தாள்தான். படிவம் 12பி. பழைய இடத்தில் வாங்கிய சம்பளத்தையும் அங்கே பிடித்த வரியையும் அதில் எழுதிப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால், அவர்கள் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். அக்டோபரிலேயே கொடுத்திருந்தால் ஆறு மாதத்துக்கு மாதம் 14,690 வீதம் போயிருக்கும். இப்போது கொடுத்தால் பிப்ரவரி, மார்ச் இரண்டு சம்பளத்திலும் 44,070 வீதம் போகும். ஜனவரிச் சம்பளம் அதற்குள் தயாராகியிருக்கும். மறுநாளே கொடுப்பதாகச் சொன்னான். கூடவே, வாடகைக்கு மேல் வேறு செலவு வைத்துக்கொள்ள மாட்டேன் என்றும் சொன்னான்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. பழைய வரி முறையில் இருந்தால் வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு உண்டு. 2025-26 கணக்கில் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நான்கு ஊர்களில் அடிப்படைச் சம்பளத்தின் பாதி வரை அந்த விலக்கு. ஹைதராபாத்தில் 40 சதவீதம்தான். 40,000 அடிப்படைச் சம்பளம், 20,000 வாடகைப் படி, 24,000 வாடகை என்றால் சென்னையில் 20,000 முழுதும் விலக்கு, இங்கே 16,000 மட்டும். மாதம் 4,000, வருடத்துக்கு 48,000 வரிக்கு வந்துவிடும். சம்பளமும் வாடகையும் மாறாமலே ஊர் மாறியதால் வருவது இது.

வரி பிடிக்கப்படுகிறவர்கள் அது வருமான வரித் துறைக்குப் போனதா என்பதைப் படிவம் 26ஏஎஸ்-இல் பார்க்க வேண்டும். நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கொடுப்பதால், ஆகஸ்டிலும் நவம்பரிலும் பிப்ரவரியிலும் ஜூனிலும் பார்த்தால் போதும். பிடித்த வரியை நிறுவனம் கட்டாமல் விட்டால், அதே வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டமே காப்பு தருகிறது. ஆனால் பிடித்ததற்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் சம்பளச் சீட்டு. கம்பெனியை விட்டு வெளியே வந்த மறுநாள் அவர்கள் கணினிக்குள் நம்மால் நுழைய முடியாது. ஆகவே ஒவ்வொரு மாதச் சீட்டையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது என் மருமகன் அம்மாவுக்குப் போன் போட்டான். “அம்மா, 77,500 கைக்கு வருது. பி.எஃப்.ல மாசம் 8,350 சேருது. அந்தப் பத்தாயிரம் வந்தா வரும், அதை நம்பி சீட்டு கட்டாதீங்க” என்றான். நாமினி பெயரைப் பதிந்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான். வைப்பு நிதி உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்துவிட்டால், அதோடு இணைந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதற்கு ஊழியரிடம் ஒரு பைசாகூடப் பிடிப்பதில்லை, முழுதும் நிறுவனம் கட்டுவது. அதனால் அது சம்பளச் சீட்டில் எங்கேயும் இருக்காது, வீட்டில் யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

இதை வாசிப்பவர் மாதச் சம்பளக்காரர் என்றால், இந்த மாதம் 20-ஆம் தேதிக்கு மேல் ஒரு நாள் சம்பளச் சீட்டையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்றே நாமினி பெயரையும் பதிந்துவிட்டு, வீட்டில் சொல்லி வையுங்கள்.